ஒரே படம், இரண்டு ஒலி: 5.1 மிக்ஸைத் திரையரங்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனியே தயாரிப்பது

5.1 ஒலியை ஸ்டீரியோவாக மாற்ற ஒரு பொத்தான் போதும் என்று எல்லா மென்பொருள்களும் சொல்கின்றன. அந்தப் பொத்தானை அழுத்திக் கிடைக்கும் கோப்பில் ஒலி இருக்கும், ஓவர்லோடும் இருக்காது. ஆனால் இயர்போனில் கேட்டுப் பார்த்தால் மழைக்காட்சியில் வசனம் புரியாது. இடி விழும் இடத்தில் ஒன்றும் விழாது. திரையரங்கில் மெருகாக ஒலித்த குரல் காதுக்குள் கூர்மையாகக் குத்தும். இவை மூன்றுக்கும் காரணங்கள் தெளிவானவை. மூன்றையும் முன்கூட்டியே கணக்கிட்டுச் சரிசெய்ய முடியும்.

இந்த வழிகாட்டி 18 நிமிடக் குறும்படம் ஒன்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. படம் ஒரு திரைப்பட விழாவில் திரையிடப்பட வேண்டும், பிறகு இணையத்தில் வெளியாக வேண்டும். இணையத்தில் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் இயர்போனில்தான் கேட்பார்கள். அதில் ஒரு காட்சியை மட்டும் கடைசிவரை கூடவே எடுத்துச் செல்வோம்: மழையில் ஒரு பேருந்து நிறுத்தம். மகள் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் பேசுகிறாள். வசனம் நடு ஸ்பீக்கரில், மழை முன்னால் இடது வலதிலும் பின்னால் சரவுண்டிலும், இடி சப்வூஃபருக்குப் போகும் எல்.எஃப்.இ. தடத்தில். ஒரு பேருந்து இடமிருந்து வலமாகக் கடந்து போகிறது.

முதலில் கோப்பைச் சோதியுங்கள்

5.1 கோப்பில் ஆறு தடங்கள் இருக்கும். அவை எந்த வரிசையில் இருக்கின்றன என்பதில்தான் முதல் ஆபத்து. வேவ் கோப்புகளிலும், திரையரங்குக்குக் கொடுக்கும் டிஜிட்டல் தொகுப்பான டி.சி.பி.யிலும் வழக்கமான வரிசை இது: இடது, வலது, நடு, எல்.எஃப்.இ., இடது சரவுண்ட், வலது சரவுண்ட். சினிமா மிக்ஸிங் அரங்குகளில் இடது, நடு, வலது, இரண்டு சரவுண்ட், கடைசியில் எல்.எஃப்.இ. என்ற இன்னொரு வரிசையும் புழக்கத்தில் உண்டு. இரண்டும் குழம்பினால் வசனம் வலது ஸ்பீக்கரிலிருந்து வரும், எல்.எஃப்.இ. தடத்துக்குள் மழை போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வசதி எதுவும் வேண்டாம். மூன்றாவது தடத்தை மட்டும் தனியே எடுத்துக் கேளுங்கள். கட்டளைகளால் இயங்கும் ffmpeg என்ற இலவச மென்பொருள் தடங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்பதால் மூன்றாவது தடம் c2 ஆகும்.

```
ffmpeg -i padam_51.wav -af "pan=mono|c0=c2" nadu.wav
```

வசனம் மட்டும் சுத்தமாகக் கேட்டால் வரிசை சரி. அதே போல c3-ஐ எடுத்தால் அடித்தொண்டை உறுமல் மட்டும் கேட்க வேண்டும். மழையின் சலசலப்பு கேட்டால் மேலே போகாதீர்கள்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்: வசனம், இசை, எஃபெக்ட்ஸ் ஆகிய மூன்றும் தனித்தனி 5.1 கோப்புகளாக. இவற்றை ஸ்டெம் என்பார்கள். இறுதி மிக்ஸ் மட்டுமே கையில் இருந்தாலும் வேலை செய்யலாம். ஆனால் ஸ்டெம் இருந்தால் கிடைக்கும் சுதந்திரம் வேறு. மிக்ஸ் முடிந்து பல மாதங்கள் கழித்துக் கேட்டால் அந்த அமர்வைத் திறக்க முடியாத நிலைகூட வரும்.

திரையரங்குக்கான வடிவம்

திரையரங்கின் பெரிய வசதி, அங்கே ஒலி அளவுக்கு ஒரு பொது ஒப்பந்தம் இருப்பது. டிஜிட்டல் உச்சத்துக்கு 20 டெசிபெல் கீழே பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓட்டினால், திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் இருக்கையில் 85 டெசிபெல் தர வேண்டும். சரவுண்ட் வரிசைகள் ஒவ்வொன்றும் 82. எல்.எஃப்.இ. அதன் அலைவரிசை எல்லைக்குள் 10 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும். மிக்ஸ் செய்த அறையும் இதே அளவில் அமைக்கப்பட்டிருந்தால் நீங்கள் கேட்டது ஏறத்தாழ அப்படியே அரங்கில் கேட்கும்.

அந்த 82 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். வீட்டு 5.1 அமைப்பில் சரவுண்டும் முன் ஸ்பீக்கரும் சம அளவில் அமைக்கப்படுகின்றன; திரையரங்கில் சரவுண்ட் 3 டெசிபெல் குறைவு. ஆகவே சினிமா அறையில் மிக்ஸ் செய்தவர், அந்தக் குறைவை ஈடுகட்டிக் கோப்பில் சரவுண்டைச் சற்று உயர்த்தியே பதிந்திருப்பார். ஸ்டீரியோ ஆக்கும்போது இது நம்மைத் தேடி வரும்.

அதிர்வெண் விஷயத்திலும் திரையரங்கு தனி. ஒலி துளையிட்ட திரை வழியாக, பெரிய அரங்கைக் கடந்து வருகிறது. அங்கே பின்பற்றப்படும் எக்ஸ் கர்வ் என்ற அளவுகோலின்படி ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸ் வரை சமமாகவும், அதற்கு மேல் ஆக்டேவுக்கு 3 டெசிபெல் வீதம் இறங்கிக்கொண்டும் அரங்கின் ஒலி அளக்கப்படுகிறது. சின்ன அறையில், பக்கத்தில் வைத்த ஸ்பீக்கர்களில் மிக்ஸ் செய்த படம் அரங்கில் மங்கலாகக் கேட்பதும், சினிமா அறையில் மிக்ஸ் செய்த படம் ஹெட்போனில் ‘ச’, ‘ஸ’ ஒலிகளில் குத்துவதும் இதனால்தான். சின்ன அறையில்தான் மிக்ஸ் செய்ய முடிந்தது என்றால், கணக்குப் போட்டு உயர் ஒலிகளை ஏற்றுவதைவிட, ஒரு காலைக் காட்சிக்கு முன் அரை மணி நேரம் அரங்கு ஒன்றைக் கேட்டு வாங்கி, வசனமுள்ள இரண்டு காட்சிகளை ஓட்டிப் பார்ப்பது நம்பகமானது.

அரங்கின் ஒலிக்கட்டுப்பாட்டில் 7 என்ற எண்தான் மேலே சொன்ன ஒப்பந்த அளவு. பல அரங்குகள் அதை 5 அல்லது அதற்கும் கீழே வைத்து ஓட்டுகின்றன. டால்பி ப்ராசஸரில் 4-க்கு மேல் ஒவ்வொரு எண்ணும் ஏறத்தாழ 3.3 டெசிபெல். 7-லிருந்து 5-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 6.7 டெசிபெல் போய்விடும். மகளின் தாழ்ந்த குரல் அப்போது ஏசி இரைச்சலோடு கரைந்துவிடும். இதற்கு வசனத்தைக் கண்மூடி உயர்த்துவது தீர்வல்ல. அரங்கத்தார் ஒலியைக் குறைப்பதே உரத்த காட்சிகள் பொறுக்க முடியாமல் போவதால்தான். படத்தின் மிக உரத்த இரண்டு மூன்று இடங்களை அடக்கி வையுங்கள். பிறகு 5-இல் வைத்து ஒருமுறை முழுப்படத்தையும் கேட்டு, அந்த அளவிலும் காணாமல் போகும் வரிகளை மட்டும் தூக்குங்கள்.

டி.சி.பி.க்குக் கொடுக்க வேண்டியது ஆறு மோனோ வேவ் கோப்புகள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். படம் நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 2,000 சாம்பிள்கள். 18 நிமிடப் படத்துக்கு 25,920 ஃபிரேம்கள், ஆக 5 கோடியே 18 லட்சத்து 40 ஆயிரம் சாம்பிள்கள். ஒலிக் கோப்பின் நீளம் இதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். படம் 25 ஃபிரேமில் வெட்டப்பட்டு, டி.சி.பி. செய்பவர் 24-க்கு மெதுவாக்கினால் 18 நிமிடப் படம் 18 நிமிடம் 45 வினாடியாகும். குரலும் அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். இது நடக்கப் போகிறதா என்பதை ஒலியை ஒப்படைக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்டீரியோ கணக்கு, மழைக்காட்சியில்

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.எஸ்.775 பரிந்துரை சொல்லும் முறை எளிமையானது. இடது காதுக்கு: இடது முழுவதும், நடு 0.707 மடங்கு, இடது சரவுண்ட் 0.707 மடங்கு. வலதுக்கும் அப்படியே. எல்.எஃப்.இ. சேர்ப்பதில்லை. 0.707 என்பது 3 டெசிபெல் குறைப்பு. நடு ஒலி இரண்டு பக்கமும் போவதால் ஒவ்வொன்றிலும் பாதி ஆற்றல் வைத்தால் மொத்தம் மாறாது என்பது கணக்கு.

நம் காட்சியில் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். வசனம் நடுவில் −28 டெசிபெல். மழை முன்னால் இடதிலும் வலதிலும் −42, சரவுண்ட் இரண்டிலும் −40. முன் மழையும் பின் மழையும் வெவ்வேறு பதிவுகள். திரையரங்கில் சரவுண்ட் 3 டெசிபெல் குறைந்து ஒலிக்கும் என்பதையும் சேர்த்துக் கூட்டினால் வசனம் மழையைவிட 8.5 டெசிபெல் மேலே நிற்கிறது. இப்போது 0.707 கணக்கில் ஸ்டீரியோ ஆக்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வசனம் −31, மழை −39.5. வித்தியாசம் அதே 8.5 டெசிபெல்.

எண் மாறவில்லை. ஆனால் அரங்கில் புரிந்த வசனம் ஹெட்போனில் புரியவில்லை. இந்த வேலையில் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான். அரங்கில் குரல் முன்னாலிருந்தும் மழை சுற்றிலுமிருந்தும் வந்தன. திசைகள் வேறாக இருக்கும்போது மூளை குரலை மழையிலிருந்து பிரித்தெடுக்கிறது. சந்தைக் கூச்சலில் எதிரே இருப்பவர் பேசுவதைக் கேட்க முடிவது அந்தத் திறனால்தான். ஸ்டீரியோ ஆக்கியதும் பின்னாலிருந்த மழை முன்னால் வந்து குரலுக்கு அருகிலேயே உட்கார்ந்துகொள்கிறது. பிரித்தெடுக்க உதவிய திசை போய்விட்டது. எந்த மீட்டரும் இதைக் காட்டாது. அதனால் திசையில் இழந்ததை அளவில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முதல் திருத்தம் சரவுண்டில். சினிமா அறையில் மிக்ஸ் செய்ததென்றால் அந்த 3 டெசிபெல் உயர்வை முதலில் கழித்துவிட்டு, அதன் பிறகே 0.707-ஆல் பெருக்க வேண்டும். ஆக 0.5. இந்த ஒரு மாற்றத்தில் வித்தியாசம் 9.5 டெசிபெல் ஆகிறது. வீட்டு அளவில் அமைத்த அறையில் மிக்ஸ் செய்த படத்துக்கு 0.707-லேயே தொடங்கலாம். எந்த அறையில் மிக்ஸ் நடந்தது என்று கேட்காமல் இந்த எண்ணைத் தீர்மானிக்க முடியாது.

இரண்டாவது, நடுத் தடத்தை 0.8 ஆக்கி, முன் இடது வலதையும் 0.8 ஆக்குவது. இப்போது வசனம் −30, மழை −42. வித்தியாசம் 12 டெசிபெல். இந்தக் காட்சிக்கு நான் இங்கேதான் நிறுத்துவேன். இதற்கு மேல் போனால் மழை பின்னணி அலங்காரமாகிவிடும்.

```
ffmpeg -i padam_51.wav -af "aformat=sample_fmts=fltp,pan=stereo|c0=0.8*c0+0.8*c2+0.5*c4|c1=0.8*c1+0.8*c2+0.5*c5" -c:a pcm_f32le stereo.wav
```

தொடக்கத்தில் இருக்கும் aformat காரணத்தோடுதான் இருக்கிறது. மூன்று தடங்களைக் கூட்டும்போது உச்சம் தாண்டலாம். மிதவைப் புள்ளி வடிவில் கணக்கிட்டால் தாண்டியது வெட்டுப்படாமல் கோப்பில் இருக்கும், பிறகு இறக்கிக்கொள்ளலாம். -ac 2 என்ற சுருக்கு வழியை நாடாதீர்கள். முழு எண் வடிவக் கோப்புகளில் அது ஓவர்லோடைத் தவிர்ப்பதற்காகப் படம் முழுவதையும் 7.7 டெசிபெல் இறக்கிவிடும்.

இந்த 0.8 படம் முழுவதற்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இசை மட்டுமே ஓடும் இடங்களில் அது இசையை வீணாக இறக்கும். ஸ்டெம் இருந்தால் இசையை 1.0-இலேயே விட்டு, எஃபெக்ட்ஸை மட்டும் வசனமுள்ள காட்சிகளில் இறக்குங்கள். இறுதி மிக்ஸ் மட்டுமே இருந்தால், நடுத் தடத்தைத் தனியே எடுத்து வசனத்தின் ஏற்ற இறக்கத்தை அதில் சரிசெய்துவிட்டுப் பிறகு கலக்குவது அடுத்த நல்ல வழி.

கூட்டும்போது காணாமல் போகும் ஒலிகள்

முன் மழையையும் பின் மழையையும் வெவ்வேறு பதிவுகள் என்று சொன்னேன். ஒரே பதிவைச் சற்றுத் தாமதப்படுத்திச் சரவுண்டில் போடும் வழக்கமும் உண்டு. அரங்கில் அது பரந்து கேட்கும். ஸ்டீரியோவில் இரண்டும் ஒரே தடத்தில் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒரு மில்லி விநாடித் தாமதம் என்றால் 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று பள்ளங்கள் விழும். 0.707 அளவில் சேர்த்தால் ஒவ்வொரு பள்ளமும் 10 டெசிபெலுக்கு மேல் ஆழம். குழாய்க்குள்ளிருந்து மழை பெய்வதுபோல் கேட்டால் காரணம் இதுதான். ஈக்வலைசரால் இதை நிரப்ப முடியாது. அந்தக் காட்சியில் சரவுண்டை விட்டுவிடுங்கள், அல்லது வேறு மழைப் பதிவொன்றை அங்கே வையுங்கள்.

இடி விஷயம் வேறு. அது எல்.எஃப்.இ. தடத்தில் மட்டும் இருந்தால் ஸ்டீரியோவில் இடி இருக்காது. எல்.எஃப்.இ.யைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். அரங்கில் அது 10 டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதால், அதே உணர்வைத் தர இரு பக்கமும் 2.2 மடங்கு சேர்க்க வேண்டிவரும். மற்ற எல்லாவற்றுக்குமான இடத்தை அது தின்றுவிடும். சரியான வழி மிக்ஸிலேயே இருக்கிறது: இடியின் உடல், அதாவது 60 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, முன் இடது வலதிலும் இருக்க வேண்டும், எல்.எஃப்.இ. அதற்கு அடியிலிருக்கும் அதிர்வை மட்டும் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்யாத படம் கைக்கு வந்தால், 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிய எல்.எஃப்.இ.யை 0.5 அளவில், இடி உள்ள நொடிகளில் மட்டும் சேர்த்துப் பாருங்கள். சேர்த்ததும் அடி கனப்பதற்குப் பதில் மெலிந்தால் அலைகள் எதிரெதிராக இருக்கின்றன, −0.5 போடுங்கள்.

காதுக்கான வடிவம்

இதுவரை செய்தது ஸ்டீரியோ. ஹெட்போனுக்கு இன்னும் சில வேலைகள் உண்டு.

ஸ்பீக்கரில் இடதுபக்க ஒலி வலது காதுக்கும் வரும்: கால் மில்லி விநாடி தாமதமாக, உயர் ஒலிகள் குறைந்து. ஹெட்போனில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. நம் பேருந்து இடது ஓரத்தில் தொடங்கும்போது வலது காதில் முழு அமைதி. இயற்கையில் எந்த ஒலியும் ஒரு காதை மட்டும் அப்படித் தொடுவதில்லை. நீண்ட நேரம் கேட்டால் தலை கனக்கும். முழு ஓரத்தில் வைத்த எஃபெக்ட்ஸை 70, 80 சதவீதத்துக்கு இழுத்துவிடுங்கள். ஸ்டெம் இல்லையென்றால் ffmpeg-இல் இருக்கும் crossfeed வடிகட்டியை அதன் இயல்பான மென்மையான அளவிலேயே பயன்படுத்தலாம்.

தலையைச் சுற்றி ஒலி வருவதுபோலக் காட்டும் பைனாரல் முறையும் இருக்கிறது. காது மடலும் தலையும் ஒலியை மாற்றும் விதத்தைக் கணக்கிட்டு அது சரவுண்டை மீண்டும் பின்னால் கொண்டுபோய் வைக்கிறது. மழையைக் குரலிலிருந்து விலக்க இது உண்மையிலேயே உதவும். ஆனால் அளவெடுத்த தலை உங்கள் தலையல்ல என்பதால் எல்லோருக்கும் ஒரேபோல் வேலை செய்யாது. அதே கோப்பைத் தொலைபேசியின் ஸ்பீக்கரில் ஓட்டினால் நிறம் மாறிக் கேட்கும். ஒரே ஒரு கோப்பை வெளியிடப் போகிறீர்கள் என்றால் பைனாரல் வேண்டாம். தனியே ‘ஹெட்போனுக்கு’ என்று பெயரிட்டு வெளியிட முடியும் என்றால் மழையையும் பேருந்தையும் பைனாரலாக்குங்கள், வசனத்தைத் தொடாமல் விடுங்கள்.

குத்தும் உயர் ஒலிக்கு, 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் 2 டெசிபெல் மென்மையாக இறக்குவது பெரும்பாலும் போதும்: treble=g=-2:f=4000. குரல் மட்டும் குத்துகிறது என்றால் வசனத் தடத்தில் மட்டும் செய்யுங்கள். வாய்ச் சொடுக்கு, டப்பிங் வரிகளுக்கிடையே அறையோசை திடீரென அறுபடுவது ஆகியவை அரங்கில் மறைந்திருக்கும், ஹெட்போனில் மறையாது. அவற்றுக்கென்றே நல்ல ஹெட்போனில் ஒருமுறை படத்தைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக உரப்பு. அளந்து பாருங்கள்:

```
ffmpeg -i stereo.wav -af ebur128=peak=true -f null -
```

காது உணரும் சராசரி உரப்பைச் சொல்லும் LUFS அளவில் நம் படம் −25 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். பேருந்தில் இயர்போன் மாட்டிக் கேட்பவருக்கு இது போதாது. −18 அருகே கொண்டுவர 7 டெசிபெல் தேவை. முழுவதையும் 7 உயர்த்தி, உச்சங்களைப் பிடித்து அடக்கும் லிமிட்டரை விட்டு நசுக்கினால் இடி விழும்போதெல்லாம் மழையும் குரலும் சேர்ந்து அமுங்கி எழும். வரிசை இப்படி இருக்கட்டும்: இடியைக் கையாலேயே 4, 5 டெசிபெல் இறக்குங்கள், மகளின் மிகத் தாழ்ந்த வரிகளை 3 டெசிபெல் ஏற்றுங்கள், அதன் பிறகு மொத்த அளவை உயர்த்துங்கள், லிமிட்டர் ஏதோ சில நொடிகளில் 2 டெசிபெல் மட்டும் பிடிக்கும் நிலை வரும். உண்மை உச்சம் −1 டெசிபெலுக்கு மேல் போக வேண்டாம். இணையத்துக்குச் சுருக்கும்போது உச்சங்கள் சற்று உயரும்.

கோப்பை மூடுமுன் இரண்டு பக்கத்தையும் கூட்டி மோனோவாகக் கேளுங்கள். பல தொலைபேசிகளின் ஸ்பீக்கரில் படம் அப்படித்தான் ஒலிக்கும்.

```
ffmpeg -i stereo.wav -af "pan=mono|c0=0.5*c0+0.5*c1" mono.wav
```

இசையின் ஒரு பகுதி மறைந்தால் அதில் எங்கோ இடதும் வலதும் எதிரெதிர் முகமாக இருக்கின்றன. பெரும்பாலும் செயற்கையாக அகலமாக்கிய ஒரு சிந்தசைசர் அல்லது எதிரொலி. அதைத் தேடிப் பிடித்து அகலத்தைக் குறையுங்கள். மோனோவிலும், குறைந்த ஒலியிலும், படத்தைப் பார்க்காமல், மகள் சொல்வது ஒவ்வொரு சொல்லாகப் புரிகிறதா என்று கேளுங்கள். கதையை அறியாத ஒருவரைக் கேட்கச் சொல்வது இன்னும் நல்லது. வசனம் மனப்பாடமாக இருப்பவருக்குப் புரியாத சொல்லும் புரிந்ததுபோலவே கேட்கும்.